ஐம்பது கொசு, ஒரே கல்வம்

1920-ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் கட்லர் என்ற விலங்கியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு பிடிவாதமான வேலையில் இறங்கினார்கள். வயல் மண்ணில் வாழும் ஒருசெல் உயிரிகளை ஒரு வருடம் முழுக்க, 365 நாளும் விடாமல் எண்ணுவது என்பதுதான் அந்த வேலை. ஆனால் மண்ணை நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஒவ்வொன்றாக எண்ண முடியாது. மண் துகள்களோடு அவை ஒட்டிக்கொண்டு மறைந்துவிடும். அதனால் மண்ணை நீரில் கரைத்து, அந்தக் கரைசலைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் எடுத்துத் தட்டுகளில் ஊற்றி வளரவிட்டார்கள். சில நாள் கழித்துத் தட்டைப் பார்த்தால் ஒரே ஒரு செய்திதான் கிடைத்தது: உயிரி உண்டு, அல்லது இல்லை. ஒன்று இருந்ததா, ஆயிரம் இருந்ததா என்று தட்டு சொல்லவில்லை. ‘உண்டு, இல்லை’ என்ற இரண்டே பதில்களை வைத்துக்கொண்டு மண்ணில் எத்தனை இருக்கின்றன என்று எப்படிச் சொல்வது?

அதே நிலையத்தில் 1919-ல் வேலைக்குச் சேர்ந்திருந்தார் ரொனால்டு ஃபிஷர். புள்ளியியலின் அடித்தளத்தையே மாற்றிப் போட்ட நீண்ட கட்டுரை ஒன்றை அவர் 1922-ல் வெளியிட்டார். கோட்பாடு நிறைந்த அந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதியில் இந்த மண் தட்டுகள் வந்து நின்றன. அவற்றுக்கான விடை, உயிரி வளர்ந்த தட்டுகளைவிட எதுவும் வளராத தட்டுகளிடம்தான் இருந்தது. ஒரு தட்டு சுத்தமாக இருக்கிறது என்றால் அதில் விழுந்த மண்ணில் ஓர் உயிரிகூட இல்லை என்று பொருள். நூற்றுக்கு எத்தனை தட்டு அப்படித் தப்பின என்று தெரிந்தால், ஒரு தட்டுக்குச் சராசரியாக எத்தனை உயிரி விழுந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டுவிடலாம். அது தீர்ந்ததும் அதற்குள்ளிருந்தே அடுத்த கேள்வி முளைத்தது. ஒவ்வொரு தட்டிலும் எவ்வளவு மண் போட்டால் விடை துல்லியமாக வரும்?

மிகக் குறைவாகப் போட்டால் எல்லாத் தட்டும் சுத்தமாக இருக்கும். மிக அதிகமாகப் போட்டால் எல்லாவற்றிலும் வளர்ந்துவிடும். இரண்டிலும் ஒன்றும் தெரியாது. அப்படியானால் பாதித் தட்டு சுத்தமாகவும் பாதித் தட்டு வளர்ச்சியோடும் வருவதே சிறந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்கு வேறொன்றைச் சொன்னது. தட்டுக்கு மண் கூடக்கூட, அதே எண்ணிக்கைத் தட்டுகளால் அதிக மண்ணை அலச முடிகிறது. அந்த ஆதாயத்துக்காகப் பாதிக்கு அப்பாலும் கொஞ்ச தூரம் போகலாம். தட்டுக்குச் சராசரியாக 1.59 உயிரி விழும்போதுதான் துல்லியம் உச்சத்தை எட்டுகிறது. அப்போது ஐந்தில் நான்கு தட்டுகளில் உயிரி வளர்ந்திருக்கும், ஒன்று மட்டுமே சுத்தமாக இருக்கும். இந்த ஐந்தில் ஒன்று என்ற எண் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. அது வேறொரு வேடத்தில் வெளியே வரக் கொசுக்கள் தேவைப்பட்டன.

1941 கோடையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள யாகிமா பள்ளத்தாக்கில் ஒரு குழு கொசு பிடித்துக்கொண்டிருந்தது. குதிரைகளையும் மனிதர்களையும் ஒருசேரத் தாக்கும் மூளைக்காய்ச்சல் அங்கே பரவியிருந்தது. வில்லியம் ஹேமன் என்ற மருத்துவரும், வில்லியம் ரீவ்ஸ் என்ற இளம் பூச்சியியலாளரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். நோயைக் கொசு பரப்புகிறது என்ற சந்தேகம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் காட்டில் பிடித்த கொசுவின் உடலிலிருந்தே வைரஸை எடுத்துக் காட்டினால்தான் அது நிரூபணம் ஆகும். அதில் ஒரு பெரிய இடைஞ்சல் இருந்தது.

நோய் உச்சத்தில் இருக்கும் ஊரிலும் பெரும்பாலான கொசுக்களிடம் வைரஸ் இருக்காது. ஆயிரத்தில் ஒன்றோ சிலவோ மட்டுமே சுமக்கும். அந்தக் காலத்தில் வைரஸைக் கண்டுபிடிக்க இருந்த கருவி வெள்ளெலிதான். கொசுவை அரைத்து, வடித்த சாற்றை எலியின் மூளைக்குள் ஊசியால் செலுத்தி, அது நோயில் விழுகிறதா என்று பல நாள் காத்திருக்க வேண்டும். கொசுவுக்கு ஓர் எலி என்று போனால் எந்த ஆய்வுக்கூடமும் தாங்காது. எனவே பிடித்தவற்றை இனம் பிரித்து, ஒரே இனக் கொசுக்களைப் பத்து, ஐம்பது என்று சேர்த்து ஒரே கல்வத்தில் இட்டு அரைத்தார்கள். எலி செத்தால் அந்தக் கூட்டத்தில் குறைந்தது ஒரு கொசுவிடமாவது வைரஸ் இருந்தது என்று கொண்டார்கள். கியூலெக்ஸ் டார்சாலிஸ் என்ற கொசு மாட்டிக்கொண்டது. அந்த ஆண்டே சயன்ஸ் இதழில் செய்தி வெளியாயிற்று. குற்றவாளி இனம் எது என்ற கேள்வி அங்கே முடிந்தது. அந்த இனத்தில் நூற்றுக்கு எத்தனை என்ற கேள்வியைக் கணக்காகக் கேட்க இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. இடையில் இந்தக் கதைக்கு வேறொரு நாயகர் வந்து சேர்ந்தார்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்க ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது ஒவ்வொருவருடைய ரத்தத்தையும் மேகநோய்க்காக வாசர்மன் முறையில் சோதித்தார்கள். லட்சக்கணக்கான ரத்தக் குழாய்களில் மிகச் சிலவே பாசிட்டிவ் ஆகும். வாஷிங்டன் நகரத்தில் விலைக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் புள்ளியியல் பிரிவில் வேலை பார்த்த டேவிட் ரோசன்பிளாட், ராபர்ட் டார்ஃப்மன் என்ற இரு பொருளியலாளர்களுக்கு இந்த வீண்செலவு பொறுக்கவில்லை. நோய்க்கும் அவர்கள் அலுவலகத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. பல பேருடைய ரத்தத்தைக் கலந்து ஒரே தடவை சோதித்தால் என்ன என்பது அங்கே பேச்சோடு பேச்சாக எழுந்த யோசனை. டார்ஃப்மன் அதை ஐந்தே பக்கங்களில் எழுதி 1943-ல் கணிதப் புள்ளியியல் இதழ் ஒன்றில் வெளியிட்டார். கலவை நெகட்டிவ் என்றால் அத்தனை பேரையும் அனுப்பிவிடலாம். பாசிட்டிவ் என்றால் மட்டும் அந்தக் கலவையில் இருப்பவர்களைத் தனித்தனியாகச் சோதிக்கலாம். நூற்றுக்கு ஒருவருக்கு நோய் இருந்தால் பதினொரு பேர் கொண்ட கூட்டுதான் சிக்கனம், செலவு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும் என்று அவருடைய அட்டவணை காட்டியது. கேட்டவுடன் ஏற்றுக்கொள்ளத்தக்க யோசனை. அப்படியும் ராணுவம் அதை ஒரு நாள்கூடப் பயன்படுத்தவில்லை.

காரணம் கணிதத்தில் இல்லை, குழாயில் இருந்தது. எட்டு ஒன்பது பேரின் ரத்தத்தைக் கலந்தாலே நோயாளியின் ரத்தம் நீர்த்துப்போய், அந்தச் சோதனைக்கு அவரை அடையாளம் காண முடியாமல் போயிற்று. காகிதம் பதினொன்று கேட்டது, வேதியியல் அதற்கு முன்பே கைவிரித்துவிட்டது. யோசனை ராணுவத்திடம் தோற்றுப் பாடப்புத்தகத்தில் புகுந்து பிழைத்தது. வில்லியம் ஃபெல்லரின் நிகழ்தகவுப் புத்தகம் 1950-ல் வந்தபோது அதை ஒரு பயிற்சிக் கணக்காகச் சேர்த்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அதைப் போட்டுப் பார்த்தார்கள். டார்ஃப்மன் கேட்டது ‘நோயாளி யார்?’ என்ற கேள்வி. ‘எத்தனை பேர்?’ என்று மட்டும் கேட்டால் கூட்டின் அளவே முற்றிலும் மாறிப்போகும் என்பது அந்தப் பயிற்சிக் கணக்கில் வரவில்லை.

அந்த இரண்டாவது கேள்விக்கு 1962-ல் ஒரே ஆண்டில் இரண்டு பேர் வெவ்வேறு பூச்சிகளை வைத்து விடை எழுதினார்கள். கீத் தாம்ப்சன் என்பவர் பயிர் நோயைச் சுமக்கும் தத்துப்பூச்சிகளைப் பற்றி எழுதினார். ஒரு செடிக்கு ஒரு பூச்சி என்றில்லாமல், செடிக்குப் பல பூச்சிகளை விட்டு, நோய் கண்ட செடிகளை எண்ணி, நோய் சுமக்கும் பூச்சிகளின் பங்கைக் கணித்தார். இன்னொருவர் சீனாவில் பிறந்து பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சின் லாங் சியாங். அவரோடு சேர்ந்து எழுதியவர் யாகிமாவில் கொசு பிடித்த அதே ரீவ்ஸ். இருபது வருடமாகக் கொசு அரைத்தவர் ஒரு புள்ளியியலாளரோடு உட்கார்ந்ததும், அதுவரை எல்லாரும் போட்டுவந்த எளிய கணக்கில் ஓர் ஓட்டை தெரிந்தது.

எளிய கணக்கு இதுதான்: ஒவ்வொரு பாசிட்டிவ் கூட்டிலும் ஒரே ஒரு வைரஸ் கொசு இருந்ததாக வைத்துக்கொள்வது. உதாரணத்துக்கு 2,000 கொசுக்களை ஐம்பது ஐம்பதாகப் பிரித்தால் 40 கூட்டு வரும். எட்டு பாசிட்டிவ் என்றால், 2,000-க்கு 8, அதாவது ஆயிரத்துக்கு 4. இதைக் குறைந்தபட்சத் தொற்று விகிதம் என்று அழைத்தார்கள். சியாங்கும் ரீவ்ஸும் பார்த்த பார்வை வேறு. 40 கூட்டில் 32 நெகட்டிவ், அதாவது 0.8 பங்கு. ஐம்பது கொசுவும் சுத்தமாக இருந்தால்தான் கூட்டு சுத்தமாகும். ஆகவே ஒரு கொசு சுத்தமாக இருக்கும் வாய்ப்பைத் தன்னோடு தானே ஐம்பது தடவை பெருக்கினால் 0.8 வர வேண்டும். அந்த எண் 0.99555. மிச்சம்தான் தொற்று விகிதம்: ஆயிரத்துக்கு 4.45. எளிய கணக்குக்கும் இதற்கும் பெரிய இடைவெளி இல்லை. அடுத்த மாதம் தொற்று ஏறி, 40-ல் 32 கூட்டு பாசிட்டிவ் ஆனால் என்ன ஆகும்?

எளிய கணக்கு ஆயிரத்துக்கு 16 என்று சொல்லும். கூட்டுக் கணக்கோ ஆயிரத்துக்கு 31.7 என்று, ஏறத்தாழ இரு மடங்கு காட்டும். கூட்டுகள் நிரம்ப நிரம்ப ஒரே கூட்டில் இரண்டு மூன்று வைரஸ் கொசுக்கள் சேர்ந்து ஒளிந்துகொள்கின்றன. எளிய கணக்குக்கு அவை கண்ணில் படுவதே இல்லை. கொள்ளைநோய் உச்சம் தொடும் வேளையில்தான் அது மிகவும் குறைத்துச் சொல்லும், எச்சரிக்கை மிக அதிகம் தேவைப்படும் வேளையும் அதுதான். நாற்பதும் பாசிட்டிவ் ஆகிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். எளிய கணக்கு ஆயிரத்துக்கு 20 என்று நிதானமாகச் சொல்லும். கூட்டுக் கணக்கு எல்லாக் கொசுவுக்கும் தொற்று என்று சொல்லிவிடும். இரண்டுமே பயனற்ற விடைகள். சுத்தமான கூட்டு ஒன்றாவது மிஞ்சினால்தான் எதையும் மதிப்பிட முடியும். அப்படி மிஞ்சும்படி கூட்டின் அளவை முன்கூட்டியே தேர்ந்தெடுப்பது எப்படி? நாற்பது வருடத்துக்கு முந்தைய மண் தட்டு இங்கேதான் திரும்பி வந்தது.

கொசு ஆனாலும் மண்ணுயிரி ஆனாலும் ஒரே கணக்குத்தான். கூட்டுக்குச் சராசரியாக 1.59 தொற்று இருக்கும்படி கூட்டைப் பெரிதாக்கினால் துல்லியம் உச்சம். தொற்று ஆயிரத்துக்கு ஒன்று என்றால் கூட்டுக்கு ஏறத்தாழ 1,594 பேர். டார்ஃப்மனின் முறைக்கு அதே அரிய நோயில் 32 பேர் போதும். யார் என்று தேடும்போது பாசிட்டிவ் கூட்டு ஒவ்வொன்றும் கூடுதல் செலவு, ஆகவே கூட்டு சிறிதாக இருக்க வேண்டும். எத்தனை என்று மட்டும் கேட்கும்போது யாரையும் திரும்பச் சோதிக்கத் தேவையில்லை, பாசிட்டிவ் கூட்டும் செய்திதான். நோய் அரிதாக அரிதாக இந்த இரண்டு அளவுகளும் விலகிக்கொண்டே போகின்றன. ஆனால் 1,594 என்ற அந்த அழகான எண்ணுக்குள் ஒரு பொறி இருந்தது.

அந்த அளவைத் தேர்ந்தெடுக்கத் தொற்று விகிதம் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். தெரியாததால்தானே கணக்கெடுப்பே நடக்கிறது. கைவசம் 40 சோதனைகள் மட்டும் இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டால் பொறி எவ்வளவு ஆழம் என்று தெரியும். விகிதம் ஆயிரத்துக்கு ஒன்றுதான் என்று எண்ணி 1,594 பேர் கொண்ட கூட்டுகளைச் செய்து, உண்மையில் விகிதம் ஆயிரத்துக்கு ஐந்தாக இருந்துவிட்டால், நாற்பது கூட்டும் பாசிட்டிவ் ஆகிவிடும் வாய்ப்பு நூற்றுக்கு 98-க்கும் மேல். இத்தனை ஆயிரம் மாதிரிகளைச் சேகரித்தும் கையில் ஒன்றும் மிஞ்சாது.

மாறாகக் கூட்டை 500 பேரோடு நிறுத்தினால்? எதிர்பார்த்தபடியே விகிதம் ஆயிரத்துக்கு ஒன்றாக இருந்தால், மதிப்பீட்டின் பிழை விடையில் 20 சதவீதமாக இருந்திருக்க வேண்டியது 25 சதவீதம் ஆகும். இழப்பு அவ்வளவே. விகிதம் ஆயிரத்துக்கு ஐந்தாக இருந்தாலும் நாற்பதில் சராசரியாக மூன்று கூட்டு சுத்தமாக மிஞ்சி, கணக்கு நடக்கும். உச்சத்துக்கு இந்தப் பக்கம் சரிவு மென்மையானது, அந்தப் பக்கம் செங்குத்தானது. ஆகவே கணக்கு சொல்லும் அளவில் மூன்றில் ஒரு பங்கு அளவோடு நிற்பதும், விகிதம் எந்த எல்லைவரை ஏறக்கூடும் என்று எண்ணி அந்த மேல் எல்லைக்கு ஏற்ற கூட்டைத் தேர்வதும்தான் விவேகம். ஐம்பது கொசுக்கூட்டு வழக்கமாக நிலைத்துப்போனது சோதனைக்கூடத்தின் வசதிக்காக. ஆனால் தொற்று ஏறும் பருவத்தில் அந்தச் சிறிய கூட்டே காப்பாற்றியும் கொடுத்தது. கொசுவில் இது சரி. மனித ரத்தத்தில் ‘எத்தனை பேர்?’ என்று கேட்கவும் இதே முறை பின்னாளில் தேவைப்பட்டது.

1980-களில் எய்ட்ஸ் வந்தது. எச்.ஐ.வி. எவ்வளவு பரவியிருக்கிறது என்று அரசுகளுக்குத் தெரிந்தாக வேண்டும். சோதனைப் பொருளோ விலை அதிகம். ஜிம்பாப்வேயில் சீரத்தைக் கலந்து சோதித்த அனுபவம் 1988-ல் மருத்துவ இதழில் வெளியாயிற்று. கணக்கெடுப்புக்குக் கலப்பதில் இன்னொரு நன்மையும் இருந்தது: யாருடைய ரத்தம் பாசிட்டிவ் என்று சோதித்தவருக்கே தெரியாது, பெயர் வெளிப்படும் பயமில்லை. இவற்றைவிட எதிர்பாராத ஒரு லாபம் கணக்குக்குள்ளேயே ஒளிந்திருந்தது.

நோயற்றவர்களில் நூற்றுக்கு ஒருவரைத் தவறாகப் பாசிட்டிவ் என்று சொல்லும் சோதனை ஒன்று இருப்பதாகக் கொள்ளலாம். பத்தாயிரம் பேரில் உண்மையாகவே பத்துப் பேருக்கு நோய். தனித்தனியாகச் சோதித்தால் அந்தப் பத்தோடு நூறு பொய்ப் பாசிட்டிவ் சேர்ந்து வந்து, விகிதம் பதினொரு மடங்காகத் தெரியும். ஐம்பது பேர் கொண்ட 200 கூட்டாகச் சோதித்தால் உண்மையான பாசிட்டிவ் ஏறத்தாழ பத்து, பொய்ப் பாசிட்டிவ் இரண்டே. பொய் சொல்லச் சோதனைக்குக் கிடைக்கும் வாய்ப்பே பத்தாயிரத்திலிருந்து இருநூறாகக் குறைந்துவிடுகிறது. அரிய நோயைக் கணக்கெடுக்கக் கலந்து சோதிப்பது மலிவு மட்டுமல்ல, பல நேரம் அதுவே துல்லியமானதும்கூட. ராணுவத்தை விரட்டிய பழைய எதிரி மட்டும் இன்னும் சாகவில்லை: நீர்த்துப்போதல்.

கலந்தால் எவ்வளவு நீர்க்கும் என்பதைக் காகிதத்தில் கண்டுபிடிக்க முடியாது. பலவீனமான ஒரு பாசிட்டிவ் மாதிரியை எடுத்து, ஒன்பது நெகட்டிவ்களோடும், பிறகு நாற்பத்தொன்பது நெகட்டிவ்களோடும் கலந்து, சோதனை அதை இன்னும் பிடிக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பிடிக்காமல் விட்டால் கூட்டுகள் பொய்யாகச் சுத்தமாகத் தெரியும், விகிதம் கீழே இறங்கும், அதைக் காட்டிக்கொடுக்க எந்தச் சமன்பாடும் வராது. மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். வந்த பிறகே இந்தச் சுவர் விலகியது. அது ஒவ்வொரு சுற்றிலும் மரபணுவை இரட்டிப்பாக்குவதால், 32 பேரைக் கலந்தால் ஏற்படும் இழப்பு ஐந்து சுற்றுத் தாமதம் மட்டுமே. 2020 மார்ச்சில் இஸ்ரேலின் டெக்னியான் ஆய்வாளர்கள் அதைச் செய்து காட்டினார்கள். அவர்கள் தேடிய கிருமியின் பெயர் அதற்குள் உலகம் முழுக்கத் தெரிந்திருந்தது.

கொரோனா தங்கள் பகுதிக்கு எப்போது வந்தது என்று பார்க்க, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தினர் அந்த ஆண்டு ஜனவரி, பிப்ரவரியில் சேர்ந்திருந்த 2,888 மூக்கு, நுரையீரல் மாதிரிகளை ஒன்பது, பத்தாகக் கலந்து 292 கூட்டுகளாக்கினார்கள். இரண்டு கூட்டு பாசிட்டிவ். கொசுக் கணக்கைப் போட்டால் 0.07 சதவீதம். அவர்கள் அந்தக் கூட்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சோதித்தபோது கிடைத்த இரண்டு பேரும் அதே 0.07 சதவீதம்தான். ஆனால் இரண்டே பாசிட்டிவை வைத்துச் சொல்லும் விகிதம் தளர்வானது. உண்மை பத்தாயிரத்துக்கு ஒன்றாகவும் இருந்திருக்கலாம், இருபத்தைந்தாகவும் இருந்திருக்கலாம்.

அதே ஆண்டு ஏப்ரலில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஓர் அறிவுரையை வெளியிட்டது. கூட்டுக்கு அதிகபட்சம் ஐந்து மாதிரிகள். நூற்றுக்கு இரண்டு பேருக்கு நோய் இருந்தால் டார்ஃப்மனின் அட்டவணை எட்டு என்று சொல்லும். ஐந்தில் நின்றதால் நூறு பேருக்கு 27 சோதனைக்குப் பதிலாக 30 ஆகும், நீர்த்துப்போகும் பயத்துக்குக் கொடுத்த விலை அவ்வளவுதான். பாசிட்டிவ் விகிதம் 2 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் இடங்களில் கலந்து சோதிக்கலாம், 5 சதவீதத்துக்கு மேல் கலக்க வேண்டாம் என்றது அறிவுரை. இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில்? அங்கே அறிகுறி இல்லாதவர்களிடையே நடத்தும் சமூகக் கணக்கெடுப்புக்கும் கண்காணிப்புக்கும் மட்டும் கலக்கலாம் என்று எழுதியிருந்தது. ஒரே சோதனைக்கு இரண்டு எல்லைகள், ‘யார்’ என்பதற்கு ஒன்று, ‘எத்தனை’ என்பதற்கு ஒன்று.